மேல இருந்து எடுத்த போட்டோல பச்சை பிக்சல் எண்ணி மர நிழல் எத்தனை சதவீதம்னு பாத்தேன், 41ன்னு வருது, நம்பலாமா?

மொகப்பேர்_சுரேஷ்

வணக்கம் மக்களே. மொகப்பேர்ல எங்க குடியிருப்பு, நாலு மாடி பிளாக்குங்க, நடுவுல ஒரு ஷட்டில் கோர்ட், சுத்தி வேம்பு, புங்கை, தென்னை, அப்புறம் பெரிய தூங்குமூஞ்சி மரம் ரெண்டு. பார்க்கிங் பத்தலைன்னு அந்த ரெண்டையும் எடுத்துரலாம்னு அசோசியேஷன்ல பேச்சு ஓடுது. செக்ரட்டரி சொல்றாரு, "சர்க்காரே மூணுல ஒரு பங்கு மரம் இருந்தா போதும்ங்குது, நம்ம கிட்ட அதுக்கு மேலயே இருக்கு, ரெண்டு போனா என்ன குறைஞ்சுரும்"னு. சரி கணக்கு போட்டே பாத்துருவோம்னு, கல்யாண போட்டோ எடுக்குற நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன் ட்ரோன் வச்சிருக்கான், 100 மீட்டர் உயரத்துல இருந்து நேரா கீழ பாத்து ஒரே ஒரு படம் எடுத்து குடுத்தான். டிசம்பர்ல, மழை விட்ட ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணி. 4000க்கு 3000, மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். அதை இப்படி ஓட்டினேன்:

```python
import cv2, numpy as np
img = cv2.imread("colony.jpg")
hsv = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2HSV)
m = cv2.inRange(hsv, (35, 40, 40), (85, 255, 255))
print(m.mean() / 255 * 100)
```

41.0ன்னு வந்துச்சு. அப்போ செக்ரட்டரி சொல்றது சரிதானா? ஆனா மாடில நின்னு பாத்தா எனக்கு கால்வாசி தேறுமான்னே சந்தேகம். எங்க தப்பு பண்றேன்?

வெட்டிஆபீசர்

ப்ரோ பச்சை பிக்சல்னா டிஸ்ப்ளே போச்சு. என் போன்லயும் அப்டேட் போட்ட மறுநாள் நடுவுல பச்சை கோடு விழுந்துச்சு, சர்வீஸ் சென்டர்ல ஸ்க்ரீனே மாத்தணும்னு சொல்லி பாதி போன் காசு கேட்டான். எண்ணிட்டு எல்லாம் இருக்காதீங்க, வாரன்டி இருக்கும்போதே ஓடுங்க.

மொகப்பேர்_சுரேஷ்

தலைப்பை மட்டும் இல்ல, தலைப்புல முதல் ரெண்டு வார்த்தைய மட்டும் படிச்சிருக்கீங்க போல 😄

கோடு_கோபி

உன் கோடுலயே தப்பு இருக்கு மச்சி. பச்சையோட ஹியூ 120. நீ 35ல இருந்து 85 போட்டிருக்க, அது ஆரஞ்சுல ஆரம்பிச்சு மஞ்சள் வரைக்கும் போற ஏரியா. அதான் மண்ணு, செங்கல் எல்லாம் சேந்து 41 காட்டுது. 90ல இருந்து 150 போட்டு ஓட்டு, கரெக்டா வரும். ஜிம்ப்ல கலர் பிக்கர் வச்சு செக் பண்ணிக்கோ.

மொகப்பேர்_சுரேஷ்

போட்டேன் கோபி. 6.2 சதவீதம்னு வருது. மரம் ஒண்ணு கூட செலக்ட் ஆகல, மொட்டை மாடில இருக்குற நீல கலர் தண்ணி டேங்க் எல்லாம் அழகா வந்துருச்சு, கூட ரெண்டு நீல தார்ப்பாயும்.

மேப்புக்காரி

பதினாலு வருஷமா இந்த மாதிரி படத்தை வகை பிரிக்கிற வேலைதான் எனக்கு சோறு போடுது, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல கோபி விஷயம். அவர் சொல்ற 120 சரிதான், ஆனா அது 360 டிகிரி கலர் வட்டத்துல. ஜிம்ப் அப்படித்தான் காட்டும். ஓப்பன்சிவி எட்டு பிட்டுக்குள்ள அடக்கணும்னு ஹியூவ பாதியாக்கி 0ல இருந்து 179 வரைக்கும் வச்சிருக்கு. அதுல 90ல இருந்து 150ன்னா நிஜத்துல 180ல இருந்து 300, அதாவது நீலம் ஊதா. டேங்க் வந்ததுக்கு அதான் காரணம். சுரேஷ் போட்ட 35-85ன்றது நிஜத்துல 70ல இருந்து 170, அது பச்சைதான். சொல்லப்போனா வெயில் பட்ட இலை நாம நினைக்கிற அளவுக்கு பச்சையே கிடையாது, மஞ்சள் கலந்த பச்சை, அதனால 35ங்கிறது கூட கொஞ்சம் மேலதான். 30க்கு இறக்கினா அந்த இலை எல்லாம் உள்ள வரும், ஆனா காஞ்ச புல்லும் கூடவே வந்து உக்காரும். இந்த நம்பரை இழுத்து இழுத்து சரி பண்ணிரலாம்னு ஒரு வாரம் உக்காந்தீங்கன்னா ஒரு வாரம் போனதுதான் மிச்சம். ஏன்னா இங்க பிரச்சனை கலர்ல இல்ல. நீங்க எண்ணினது பச்சையை. கேள்வி மரத்தை பத்தி.

ரெண்டாவது, எதை வச்சு வகுத்தீங்க? முழு படத்தை. படம் உங்க காம்பவுண்டுக்குள்ள மட்டுமா நிக்குது? பக்கத்துல என்ன இருக்கு?

மொகப்பேர்_சுரேஷ்

ஐயோ. பக்கத்துல ஒரு ஸ்கூல் கிரவுண்டு, மழைக்கு அப்புறம் முழுக்க புல்லு. அதுவும் படத்துல பாதி வந்திருக்கு மேடம்.

மேப்புக்காரி

அதை கழிச்சுட்டு வாங்க. ஜிம்ப்லயே காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு பாலிகன் போட்டு உள்ள வெள்ளை வெளிய கருப்புன்னு அதே சைஸ்ல ஒரு படம் சேவ் பண்ணுங்க. அப்புறம்:

```python
area = cv2.imread("boundary.png", 0) > 0
print(area.sum(), (m[area] > 0).mean() * 100)
```

மொகப்பேர்_சுரேஷ்

உள்ள 74 லட்சம் பிக்சல். பச்சை 36.4 சதவீதம். இன்னும் மூணுல ஒண்ணுக்கு மேலதான் மேடம், செக்ரட்டரி ஜெயிச்சுருவாரு போல.

சாட்டிலைட்_சரவணன்

எதுக்கு இவ்ளோ கஷ்டம், சென்டினல்-2 சாட்டிலைட் டேட்டா ஃப்ரீயா கிடைக்குது, இலை எவ்ளோன்னு காட்டுற என்டிவிஐ கணக்கு போடுங்க. இலை அகச்சிவப்பை அப்படியே திருப்பி அடிக்கும், பச்சை பெயின்ட் அடிக்காது, ஒரே அடில பிரிஞ்சிரும்.

மேப்புக்காரி

பெயின்ட்டுக்கு சரி சரவணன், புல்லுக்கு? புல்லும் இலைதானே, அதுக்கும் என்டிவிஐ நல்லா எகிறும். அதோட சென்டினல் பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். இவர் காலனி மூணு ஏக்கருக்கு கொஞ்சம் கம்மி, மொத்தமே 120 பிக்சல் கூட வராது, அதுல பாதி பிக்சல் பாதி மாடி பாதி மரம். ஒரு மண்டலம் முழுக்க பாக்கணும்னா உங்க வழிதான் சரி. ரெண்டு மரத்துக்கு சண்டை போட அது ஆகாது.

சுரேஷ், இப்போ முக்கியமான வேலை. கம்ப்யூட்டர் சொன்னதை விட்டுட்டு உங்க கண்ணை வச்சு 200 புள்ளி பாக்கணும். காம்பவுண்டுக்குள்ள எங்க வேணா விழுற மாதிரி குலுக்கல்ல எடுங்க, நீங்களா தேர்ந்தெடுக்கக் கூடாது, நம்ம கை தானா மரத்து மேல போகும்.

```python
ys, xs = np.where(area)
k = np.random.default_rng(7).choice(len(ys), 200, replace=False)
pts = list(zip(xs[k], ys[k]))
```

ஒவ்வொரு புள்ளியையும் ஜூம் பண்ணி, மரமா இல்லையா, இல்லைன்னா என்ன, அவ்ளோதான் எழுதணும். கோடு பச்சைன்னு பிரிச்சு குடுத்த மாஸ்க்கை அப்போ திறந்து வைக்காதீங்க. அது பச்சைன்னு காட்டுறதை பாத்துட்டீங்கன்னா உங்க கண்ணும் ஆமா சாமி போட்டுரும். எல்லாம் முடிச்சுட்டு கடைசில மாஸ்க்கோட ஒப்பிடுங்க.

தோட்டக்காரத்_தாத்தா

தம்பி, நான் செங்கல்பட்டு பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கேன். இந்த நிழல் கணக்கை நாங்க எப்பவோ பண்ணிட்டோம், மரத்தடியில நின்னு போனை மல்லாக்க பிடிச்சு மேல படம் எடுத்தா வானம் எவ்ளோ, இலை எவ்ளோன்னு தெரியுது. என் தோப்புல 80க்கு மேல. இதுக்கு ட்ரோன் எதுக்கு?

மேப்புக்காரி

ஐயா நீங்க அளந்தது வேற விஷயம். ஒரு இடத்துல நின்னு பாத்தா தலைக்கு மேல எவ்ளோ மூடியிருக்குன்றது அது. மரத்தடியில நின்னுட்டு கேட்டா மரம் ஆமான்னுதான் சொல்லும். இவருக்கு வேணும்கிறது மொத்த நிலத்துல எவ்ளோ பங்கு மரத்துக்கு கீழ இருக்குன்றது. தோப்பு முழுக்க சமமா நட்டிருந்தா ரெண்டும் கிட்டத்தட்ட வரும், காலனில வரவே வராது.

மொகப்பேர்_சுரேஷ்

ரெண்டு ராத்திரி ஆச்சு, கண்ணு போச்சு. ஆனா சுவாரசியம். 200ல 52 புள்ளி மரம். அப்புறம் மாஸ்க்கோட ஒப்பிட்டேன். மாஸ்க் பச்சைன்னு சொன்னது 70 புள்ளி, அதுல நிஜமா மரம் 45தான். மிச்ச 25ல 14 புல்லு, பெரும்பாலும் பின்பக்கம் காலியா கிடக்குற இடத்துல மழைக்கு மண்டின களை. 6 புள்ளி பச்சை நிழல்வலை, சி பிளாக்ல ஒரு அக்கா மாடித்தோட்டம் போட்டு மாடி முழுக்க கட்டியிருக்காங்க. 5 புள்ளி ஷட்டில் கோர்ட், அதுக்கு பச்சை பெயின்ட் அடிச்சது எங்க செக்ரட்டரியேதான்!! மாஸ்க் பச்சை இல்லைன்னு சொன்ன 130ல 7 புள்ளி மரம், எல்லாம் மரத்தோட மேற்குப் பக்கம் இருட்டா இருக்குற இடம், ஒண்ணு மட்டும் தென்னை ஓலை வெயில்ல பளபளன்னு வெள்ளையா அடிச்சிருந்துச்சு.

அப்போ 52ஐ 200ஆல வகுத்து 26 சதவீதம்னு சொல்லிரலாமா? பச்சை எண்ணினது எல்லாம் வேஸ்ட்டா?

மேப்புக்காரி

வேஸ்ட் இல்ல, இப்போதான் அதுக்கு வேலை வருது. வெறும் 200 புள்ளிய வச்சு 26ன்னா, குலுக்கல்ல வர்ற தடுமாற்றம் 3.1 சதவீதம் இருக்கு, 0.26ஐ 0.74ஆல பெருக்கி 200ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா அதான் வரும். அதுல ரெண்டு மடங்கை ரெண்டு பக்கமும் விட்டா, நிஜம் 20ல இருந்து 32க்குள்ள எங்கயோ. ஆனா உங்களுக்கு இன்னொரு விஷயம் தெரியும், குலுக்கல் இல்லாம, 74 லட்சத்தையும் எண்ணி, பச்சைப் பகுதி சரியா 36.4, மிச்சம் 63.6. புள்ளிகள் சொல்றது, பச்சைக்குள்ள 70க்கு 45 மரம், பச்சை இல்லாததுல 130க்கு 7 மரம். ரெண்டையும் கட்டுங்க:

```
0.364 × 45/70 + 0.636 × 7/130 = 0.234 + 0.034 = 0.268
```

26.8 சதவீதம், தடுமாற்றம் 2.4க்கு இறங்கிருச்சு. அதே 200 புள்ளிதான், ஆனா 300க்கு மேல பாத்த மாதிரி ஆச்சு. பச்சை எண்ணிக்கை பதில் கிடையாது, புள்ளிகளுக்கு முட்டுக்கொடுக்குற கட்டை, அவ்ளோதான். மாஸ்க் கொஞ்சம் மோசமா இருந்தாலும் இந்த கணக்கு அதை சரி பண்ணிக்கும், அதனாலதான் ஹியூ நம்பரோட மல்லுக்கட்ட வேணாம்னு சொன்னேன்.

காலைல எட்டு மணி படம்றதுதான் அந்த மேற்குப் பக்க இருட்டு. இருட்டு பிக்சல்ல ஹியூவுக்கு அர்த்தமே இல்ல, ஆர்ஜிபி மூணும் சின்ன நம்பர், கொஞ்சம் நாய்ஸ் வந்தாலே கலர் எங்கயோ தாவும். மூணாவது நம்பரை 40ல இருந்து 15க்கு இறக்கினா அந்த இலை வரும், கூடவே பில்டிங் நிழல்ல இருக்குற தார் ரோடும் புள்ளி புள்ளியா பச்சையாகும். உச்சி வெயில்ல எடுத்திருந்தா பாதி தலைவலி இல்ல.

கோடு_கோபி

ஹியூ விஷயத்துல மொக்க வாங்கினது வாங்கினதுதான் 🙏 ஆனா ஒண்ணு கேக்குறேன், டிசம்பர்ல எடுத்ததே தப்பு இல்லையா? மே மாசம் எடுத்தா புல்லு எல்லாம் காஞ்சு போயிருக்கும், பச்சையா இருக்கிறது மரம் மட்டும்தானே.

மேப்புக்காரி

இது நல்ல பாயின்ட் கோபி. நானும் கோடைப் படம்தான் தேடுவேன். ஒரே ஆபத்து, மே மாசம் மயில்கொன்றை முழுக்க சிவப்பு, இயல்வாகை முழுக்க மஞ்சள், ரெண்டையும் மாஸ்க் மரம் இல்லைன்னு தள்ளிரும். அந்த மரம் நிறைய இருக்குற தெருன்னா ஏமாத்திரும். நாட்டு வாதாம் இலை கொட்டுறதுக்கு முன்னாடி சிவக்குறது தனி. இவர் காலனில வேம்பும் புங்கையும்னா மே சரிதான்.

மொகப்பேர்_சுரேஷ்

சூப்பர் மேடம். அப்போ 26.8ன்னு மீட்டிங்ல வச்சுரவா?

மேப்புக்காரி

இன்னும் ஒரு ஓட்டை இருக்கு, சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. ஒரே ஒரு போட்டோ, 100 மீட்டர்ல இருந்து. தரை கேமராவுக்கு 100 மீட்டர் தூரம், மரத்தோட தலை 88 மீட்டரோ 92 மீட்டரோ. கிட்ட இருக்கிறது பெருசா தெரியும். கிளை அகலமா விரியுற இடம் 8 மீட்டர் உயரம்னு வைங்க, 100ஐ 92ஆல வகுத்தா 1.087, பரப்பளவுக்கு அதோட வர்க்கம், 1.18. ஒவ்வொரு பிக்சலையும் கடவுளே வந்து சரியா பிரிச்சாலும் மரம் 18 சதவீதம் கூடதான் காட்டும். அது போக, படத்தோட நடுவுல இருந்து 60 மீட்டர் தள்ளி நிக்கிற 12 மீட்டர் மரத்தோட உச்சி, 8 மீட்டர் வெளிப்பக்கம் சாஞ்ச மாதிரி விழும். நாலு மாடி பில்டிங்கும் அதே மாதிரி சாஞ்சு பின்னாடி இருக்குற மரத்தை மறைக்கும். அது ஒரு பக்கம் கூட்டும், இது ஒரு பக்கம் கழிக்கும்.

சரி பண்ணணும்னா நிறைய படம் ஒண்ணு மேல ஒண்ணு விழுற மாதிரி எடுத்து வெப்ஓடிஎம் சாஃப்ட்வேர்ல போட்டு நேர்ப்படமா தைக்கணும். அப்போ உயரமும் கிடைக்கும், ரெண்டு மீட்டருக்கு கீழ இருக்கிறதை எல்லாம் தூக்கிட்டா களை, கோர்ட் ரெண்டும் ஒரே அடில போயிரும், ஆனா மாடில கட்டின நிழல்வலை போகாது.

தோட்டக்காரத்_தாத்தா

நான் தெரியாம கேக்குறேன், வெட்டப்போறது ரெண்டு மரம். அதுக்கு கீழ போய் டேப் பிடிச்சா ஆகாதா? கிளை முடியுற இடத்துக்கு நேர் கீழ ஒரு குச்சி, எதிர்ப்பக்கம் ஒரு குச்சி, நடுவுல டேப். குறுக்கேயும் ஒண்ணு. தோப்புல இப்படித்தான் நாங்க இடைவெளி பாப்போம்.

மேப்புக்காரி

ஐயா, முதல் பதிவுக்கு நான் குடுத்த பதிலை வாபஸ் வாங்கிக்கிறேன். இதைத்தான் செய்யணும். சுரேஷ், போட்டோலயும் அதே மரத்தை மட்டும் தனியா எண்ணுங்க, பெருசாகுறது எவ்ளோன்னு நிஜமாவே தெரிஞ்சுரும். ஒரு பிக்சல் எத்தனை சென்டிமீட்டர்னு எப்படி எடுத்தீங்க?

மொகப்பேர்_சுரேஷ்

ஷட்டில் கோர்ட் நீளம் 13.4 மீட்டர், அது படத்துல 335 பிக்சல். அப்போ ஒரு பிக்சல் 4 சென்டிமீட்டர். செக்ரட்டரி அடிச்ச பச்சை பெயின்ட்டுக்கு ஒரு உபயோகம்.

இன்னிக்கு காலைல வாட்ச்மேன் அண்ணனையும் பையனையும் கூட்டிட்டு போய் டேப் பிடிச்சோம். பெரிய மரம் 15க்கு 13 மீட்டர், நீள்வட்டமா வச்சு கணக்கு போட்டா 153 சதுர மீட்டர். சின்னது 12க்கு 11, 104. மொத்தம் 257. காலனி பரப்பு 74 லட்சம் பிக்சல்னா 11,840 சதுர மீட்டர், அதுல இது 2.2 சதவீதம். பெரிய மரத்தை போட்டோல சுத்தி வரைஞ்சு எண்ணினா 1,15,000 பிக்சல், 184 சதுர மீட்டர். டேப்புக்கும் போட்டோவுக்கும் 1.2 மடங்கு!! மேடம் 18 சதவீதம்னு சொன்னது கிட்டத்தட்ட அப்படியே.

அப்போ 26.8ஐ 1.2ஆல வகுத்தா 22.3.

மேப்புக்காரி

ஒரு மரத்தை வச்சு எல்லாத்துக்கும் 1.2ன்னு போடாதீங்க. உங்க புங்கை எல்லாம் 5, 6 மீட்டர்தான் இருக்கும், அதுக்கு இவ்ளோ பெருசாகாது. நான்னா 22ல இருந்து 25க்குள்ளன்னு சொல்லி நிறுத்திருவேன், அதுக்கும் மேல இந்த படத்துல இருந்து பிழிய முடியாது, புள்ளித் தடுமாற்றம் வேற தனியா இருக்கு. ஆனா 41ம் இல்ல 33ம் இல்லன்றது உறுதி. அந்த மூணுல ஒண்ணுன்றதே 1988 வனக்கொள்கைல நாடு மொத்தத்துக்கும் சேத்து வச்ச இலக்கு, அப்பார்ட்மென்ட் காம்பவுண்டுக்கு வச்சது இல்ல, அதையும் சொல்லுங்க.

சாட்டிலைட்_சரவணன்

தென்னைய எப்படி எண்ணினீங்க? ஓலைக்கு நடுவுல தரை தெரியுமே. பிக்சல் எண்ணினா ஓலை மட்டும் வரும், சுத்தி கோடு வரைஞ்சா ஓட்டையும் சேந்து வரும். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும்.

மொகப்பேர்_சுரேஷ்

புள்ளி ஓலை மேல விழுந்தா மரம், இடைவெளில விழுந்தா இல்லைன்னு போட்டேன். ஆனா தூங்குமூஞ்சிக்கு டேப்ல அளந்தது ஓட்டைய எல்லாம் சேத்துதானே. ஐயையோ, அப்போ ரெண்டும் ஒரே அளவுகோல் இல்லையா?

மேப்புக்காரி

இல்லதான். இதுல எங்க ஆபீஸ்லயே ரெண்டு கட்சி இருக்கு. நிழல் எவ்ளோன்னு பாக்கிறவங்க ஓட்டைய கழிப்பாங்க, மரம் எவ்ளோ இடம் பிடிச்சிருக்குன்னு பாக்கிறவங்க வெளிக்கோடு போடுவாங்க. நான் வெளிக்கோட்டு கட்சி, ஆனா எதுன்னு ஒரு வரி எழுதி வச்சுட்டா போதும்.

தோட்டக்காரத்_தாத்தா

தென்னை நிழல் ஒரு நிழலா தம்பி.

மொகப்பேர்_சுரேஷ்

😄 ஞாயித்துக்கிழமை மீட்டிங். பேப்பர்ல நான் எழுதி வச்சிருக்கிறது இவ்ளோதான்: காலனில மரம் 22ல இருந்து 25 சதவீதம், அதுல இந்த ரெண்டு மரம் மட்டும் 2.2, அதாவது இருக்குற நிழல்ல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு. கிடைக்கப்போற பார்க்கிங் எத்தனைன்னு வாட்ச்மேன் அண்ணன் அதே டேப்ல அளந்து பாத்தாரு, அஞ்சு கார். என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன்.

வெட்டிஆபீசர்

இப்போதான் முழுசா படிச்சேன். அந்த அஞ்சு காரும் இப்போ எங்க நிக்குது, அந்த மரத்தடியிலதானே?

மொகப்பேர்_சுரேஷ்

ரெண்டு அங்கதான் நிக்குது. ஒண்ணு செக்ரட்டரியோடது.